பித்தளைக் குடத்துக்கு மூன்றாவது மூடி

எங்கள் வீட்டுப் பழைய பித்தளைக் குடத்துக்கு மூடி இல்லை. கடையில் கிடைக்கும் மூடி எதுவும் அதன் வாய்க்குப் பொருந்தவில்லை என்பதால் நானே தகட்டிலிருந்து தட்டி எடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். வேலை எளிமையானதுதான். 160 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டமாக ஒரு தகடு வெட்டிக்கொள்ள வேண்டும். குழி வெட்டிய மரக்கட்டையின் மேல் அதை வைத்து, மரச் சுத்தியால் உள்பக்கம் தட்டித் தட்டிக் கவிகை வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தகடு 1.2 மில்லிமீட்டர் கனம். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள்.

மூன்று மூடிகள் செய்தேன். முதலாவது விரிசல் விட்டது. இரண்டாவது ஆரஞ்சுப் பழத் தோல்போல் ஆனது. மூன்றாவதுதான் இப்போது குடத்தின் மேல் இருக்கிறது. இந்தப் பதிவில் பெரும்பகுதி இரண்டாவதைப் பற்றியது. அது ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது.

முதல் மூடியின் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கடைத் தகடு உருளைகளுக்கிடையே அழுத்தி இழுக்கப்பட்டு, ஏற்கெனவே பாதி இறுகிய நிலையில்தான் வந்திருந்தது. எனக்கு அது தெரியாது. மூன்று சுற்று தட்டியபோதே சுத்தியின் ஓசை மாறிவிட்டது. முதலில் 'தொப்' என்று விழுந்த அடி, பிறகு 'டங்' என்று திரும்பி ஒலித்தது. தகடு இறுகுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. நான் அதைக் காதில் வாங்காமல் நான்காவது சுற்றையும் தட்டினேன். விளிம்பில் விழுந்திருந்த ஒரு மடிப்பைத் தட்டி நேராக்கும்போது அங்கிருந்து இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது.

உலோகம் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு படிகங்கள் நெருக்கி அடுக்கிய ஒரு திரள். ஒவ்வொரு படிகத்தையும் மணி என்று சொல்வோம். மணிக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசைகளில் ஆங்காங்கே பிறழ்வுகள் உண்டு. சுத்தி அடி படும்போது இந்தப் பிறழ்வுகள்தான் நகர்கின்றன. அப்படி நகர்வதால்தான் உலோகம் உடையாமல் வளைகிறது. ஆனால் நகரும்போதே அவை பெருகவும் செய்கின்றன. பெருகியவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, சந்தைத் தெருவில் மாட்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் நின்றுவிடுகின்றன. காய்ச்சாமல் தட்டத் தட்டப் பித்தளை இறுகுவதற்கு இதுதான் காரணம். தட்டும் உழைப்பில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. சில சதவீதம் மட்டும் இந்தப் பிறழ்வுகளின் வடிவில் தகட்டுக்குள் தங்குகிறது. பின்னால் காய்ச்சும்போது நடப்பதற்கெல்லாம் முதல் அந்தச் சேமிப்புதான்.

இரண்டாவது மூடிக்கு, இந்தத் தடவை காய்ச்சித்தான் தட்டுவது என்று முடிவு செய்தேன். கொல்லைப்புறத்தில் செங்கல் அடுக்கி, கேஸ் டார்ச்சால் வட்டத் தகட்டைச் சூடாக்கினேன். நன்றாகச் சிவந்த பிறகும் சில நிமிடங்கள் விடாமல் காட்டினேன். அதிகம் காய்ச்சினால் அதிகம் மென்மையாகும் என்பது என் கணக்கு. தகட்டின் மேலிருந்து லேசாக வெண்புகை எழுந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. ஆறிய தகடு கையாலேயே வளையும் அளவுக்கு மென்மையாகி இருந்தது. புளித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தபோது கருப்பு போய், சில இடங்களில் செம்பு நிறம் தெரிந்தது. அரைகுறையாகத் தட்டி, மறுபடியும் அதேபோல் காய்ச்சி, மறுபடியும் தட்டினேன்.

வடிவம் அழகாக வந்தது. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் வெளிப்புறம் முழுவதும் பொரிப்பொரியாக, சாத்துக்குடித் தோல்போல் இருந்ததைப் பார்த்தேன். சுத்தி பட்டது உள்பக்கத்தில். பொரிப்பு இருந்தது சுத்தியே படாத வெளிப்பக்கத்தில். விளிம்போரம் ஓரளவு பரவாயில்லை. நடுவில்தான் மோசம். அங்கே சுத்தியை நான் மிகக் குறைவாகவே பயன்படுத்தியிருந்தேன் என்பதால் இது எனக்குப் புதிராக இருந்தது. பாலிஷ் போட்டுப் பார்த்தேன். மேடுகள் மினுங்கின, பள்ளங்கள் அப்படியே இருந்தன.

கும்பகோணத்தில் பாத்திரத் தொழில் செய்து ஓய்ந்த கன்னார் ஒருவர் எனக்குப் பழக்கம். மூடியை எடுத்துப்போய்க் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெயிலில் வைத்தா காய்ச்சினாய், தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாம் ஐயா, மத்தியானம்."

"அதுதான். வெயிலில் சிவப்பு எங்கே தெரியும்? உன் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தபோது அது எப்போதோ தாண்டிப் போயிருக்கும். எங்கள் பட்டறையில் ஜன்னலை மூடிவிட்டுத்தான் காய்ச்சுவோம்."

பாதிக் காரணம் அந்த ஒரு கேள்வியிலேயே கிடைத்துவிட்டது. இருட்டறையில் சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். உச்சி வெயிலில் அதே கண்ணுக்குச் சிவப்பு தெரிய வேண்டுமென்றால் தகடு 700-ஐ ஒட்டியோ அதைக் கடந்தோ போயிருக்க வேண்டும். இந்தப் பித்தளை 915 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கிவிடும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். ஆனால் அதற்கு வெகு முன்பிருந்தே மேற்பரப்பிலிருந்து ஆவியாகி, காற்றில் எரிந்து வெண்புகையாகும். நான் பார்த்த புகை அதுதான். அப்படித் துத்தநாகத்தை இழந்த இடங்கள்தான் செம்பு நிறம் காட்டின. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல்போல் உடம்பு நடுங்கும் என்பதையும் கன்னார் சொன்னார்.

ஆனால் நடுப்பகுதி மட்டும் ஏன் அதிகம் கெட்டது என்பதற்கு இது விடையாகவில்லை. டார்ச்சை நான் எல்லா இடத்திலும் சமமாகத்தான் காட்டினேன். இந்தக் கேள்வியை அளந்து பார்த்துத்தான் தீர்க்க வேண்டும் என்று தோன்றியது.

பாலிடெக்னிக்கில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் வழியாக ஒரு சிறு மின் உலை, கடினத்தன்மை அளக்கும் விக்கர்ஸ் கருவி, நுண்ணோக்கி மூன்றும் சில நாட்களுக்குக் கிடைத்தன. அதே தகட்டிலிருந்து பட்டைகள் வெட்டி, முதலில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி காய்ச்சி மென்மையாக்கினேன். தொடக்கம் ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. பிறகு நகைப் பட்டறையில் தகடு இழுக்கும் கை உருளையில் கொடுத்து, ஒரு கட்டுப் பட்டைகளை 1.2 மில்லிமீட்டரிலிருந்து 0.6-க்கு இறக்கினேன். அதாவது 50 சதவீதக் குறைப்பு. இன்னொரு கட்டை 1.13 வரை மட்டும் இறக்கினேன். அது சுமார் 6 சதவீதம். மூடியின் விளிம்புக்கும் நடுவுக்கும் இவை மாதிரிகள்.

முதலில் 50 சதவீதக் கட்டு. மென்மையான நிலையில் விக்கர்ஸ் கருவியில் கடினம் 72 காட்டிய பித்தளை, உருளைக்குப் பிறகு 172 காட்டியது. இந்தப் பட்டைகளை வெவ்வேறு வெப்பத்தில் தலா அரை மணி நேரம் உலையில் வைத்து எடுத்தேன். 250 டிகிரியில் வைத்தது மென்மையாகவில்லை, 178 காட்டியது. கருவியில் பிழை என்று நினைத்து ஐந்து இடங்களில் குத்திப் பார்த்தேன், அதே கதைதான். நண்பர் சிரித்தார். பித்தளைக்கு இது வழக்கமாம். இந்த வெப்பத்தில் துத்தநாக அணுக்கள் சற்றே நகர்ந்து தங்களுக்குள் ஒழுங்குபட்டு, பிறழ்வுகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் கடினம் கொஞ்சம் ஏறும்.

இந்தக் கட்டத்துக்கு மீட்சி என்று பெயர். சிக்கிக்கொண்ட பிறழ்வுகளில் சில ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, சில சரியான வரிசைக்கு ஒதுங்குகின்றன. தகட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்த விசைகள் தளர்கின்றன. ஆனால் பழைய மணிகள் நசுங்கிய வடிவிலேயே இருக்கின்றன. அலுமினியமாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே கணிசமாக மென்மையாகியிருக்கும். பித்தளையில் ஒவ்வொரு பிறழ்வும் இரண்டாகப் பிளந்து ஒரே தளத்தில் பரந்து கிடக்கிறது. அதனால் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தாவ அதற்குச் சிரமம். மீட்சி பெயருக்குத்தான் நடக்கிறது, கடினம் குறைவதில்லை.

350-இல் நிலைமை மாறியது. கடினம் 130 ஆக இறங்கியது. 400-இல் 105, 450-இல் 90. வீழ்ச்சியில் பெரும்பகுதி 250-க்கும் 450-க்கும் இடையிலேயே அடங்கிவிட்டது. இதற்குப் பின்னால் சரிவு மெதுவானது: 550-இல் 75, 650-இல் 64, 750-இல் 57.

எண்கள் சொல்லாததை நுண்ணோக்கி சொன்னது. பட்டைகளை 1200 எண் எமரித் தாள் வரை தேய்த்து, பாலிஷ் பசையால் கண்ணாடிபோல் ஆக்கி, 100 மில்லி தண்ணீரில் 50 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 5 கிராம் ஃபெரிக் குளோரைடும் கலந்த கரைசலில் பத்துப் பதினைந்து விநாடிகள் முக்கி எடுத்தேன். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். ஃபெரிக் குளோரைடு, மின்னணுச் சுற்றுப் பலகை அரிக்க விற்கும் அதே பழுப்புப் பொருள்தான். சட்டையில் பட்டால் கறை போகாது.

250 டிகிரிப் பட்டையில் மணிகள் பாய் நெய்த கோரைபோல் நீண்டு படுத்திருந்தன. உருளையிலிருந்து வந்தபடியே இருந்தது. 350-இல் அந்தக் கோரைகளுக்கு இடையே, அதிகம் நசுங்கிய இடங்களில், புள்ளிப் புள்ளியாகப் புதிய மணிகள் முளைத்திருந்தன. 450-இல் பழையது ஒன்றுகூட மிச்சமில்லை. முழுவதும் புதிய, சிறிய, பக்கங்கள் சமமான மணிகள். மறுபடிகமாதல் என்பது இதுதான். பழைய மணிகள் குணமடைவதில்லை; அவற்றைத் தின்று, பிறழ்வு மிகக் குறைந்த புதிய மணிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. புதிய மணிகளுக்குள் அங்கங்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேரான பட்டைகள் தெரிந்தன. இரட்டைப் படிகம் என்று அவற்றைச் சொல்வார்கள். தட்டிக் காய்ச்சிய பித்தளையின் கைரேகை அது.

மணியின் அளவை எடுப்பதில் ஒரு தவறு செய்தேன். படத்தில் ஒரு கோடு போட்டு, அது எத்தனை எல்லைகளை வெட்டுகிறது என்று எண்ணி, நீளத்தை அந்த எண்ணால் வகுப்பது முறை. நான் இரட்டைப் படிகக் கோடுகளையும் எல்லைகளாக எண்ணிவிட்டேன். அதனால் முதல் நாள் கணக்கில் மணிகள் பாதி அளவாகத் தெரிந்தன. மறுநாள் திருத்தி எண்ணியபோது 450-இல் சராசரி 0.015 மில்லிமீட்டர், 550-இல் 0.03, 650-இல் 0.06, 750-இல் 0.12-ஐத் தாண்டியிருந்தது. மறுபடிகமாதல் முடிந்த பிறகு நடப்பது வளர்ச்சி மட்டுமே. எல்லைகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு ஆற்றல் மிச்சம் என்பதால் பெரிய மணிகள் சிறியவற்றை விழுங்கிக்கொண்டே போகின்றன. 550-க்கும் 750-க்கும் இடையே எனக்குக் கிடைத்த கூடுதல் மென்மை 18 புள்ளிதான். அதற்குக் கொடுத்த விலை நான்கு மடங்கு பெருத்த மணி.

பொரிப்பு இங்கேதான் பிறக்கிறது. காய்ச்சி ஆறிய தகடு பார்க்க வழுவழுப்பாகத்தான் இருக்கும். அதை மறுபடி தட்டி விரிக்கும்போது ஒவ்வொரு மணியும் தன் தன் திசைக்கு ஏற்ப ஒன்று மேலெழும், ஒன்று கீழிறங்கும். மணி மிகச் சிறியதாக இருந்தால் இந்த மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது. 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினால் தெரியத் தொடங்கும். சுத்தி படும் பக்கத்தில் அடியே அதை நசுக்கிச் சமப்படுத்திவிடும். எதுவும் தொடாத வெளிப்பக்கத்தில் அப்படியே நிற்கும்.

இனி 6 சதவீதக் கட்டு. நடுப்பகுதிப் புதிர் இதில் அவிழ்ந்தது. 450 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தும் இந்தப் பட்டையில் புதிய மணி ஒன்றும் முளைக்கவில்லை. 50 சதவீதப் பட்டை முழுக்க மறுபடிகமான அதே வெப்பம்தான். சேமிப்பு குறைவு என்பதால் புதிய மணி தோன்றவே இன்னும் சூடு தேவைப்படுகிறது. 650-இல் வைத்ததும் முளைத்தது. ஆனால் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அதே வெப்பம், அதே நேரம், மணிகள் 0.2 மில்லிமீட்டருக்கும் மேல். கைப் பூதக்கண்ணாடியிலேயே தெரிந்தன.

வயலோடு ஒப்பிட்டால் எனக்கு விளங்குகிறது. அதிகம் நசுங்கிய தகட்டில் முளைக்கும் இடங்கள் நெருக்கமாக இருக்கின்றன. எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைத்து, ஒன்றையொன்று முட்டி, எதற்கும் பெரிதாக இடம் கிடைப்பதில்லை. லேசாகத் தட்டிய தகட்டில் முளைப்பது அங்கொன்றும் இங்கொன்றும்தான். முளைத்த ஒன்றிரண்டு, எதிரே தடுக்க யாரும் இல்லாமல் பழைய மணிகளைத் தின்றுகொண்டே பரவுகின்றன. இதைவிடவும் குறைவாக, ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் நசுக்கியிருந்தால் முளைப்பே நடக்காது. பழைய மணிகள் அப்படியே இருக்கும். ஆகவே காய்ச்சுவதற்கு முன் தகட்டுக்கு மிக ஆபத்தான நிலை, தட்டாமல் இருப்பதும் அல்ல, பலமாகத் தட்டியிருப்பதும் அல்ல. சும்மா ஒரு சுற்று தட்டிவிட்டு உலையில் வைப்பதுதான். என் மூடியின் நடுவில் நான் செய்தது துல்லியமாக அதுவே. அரைகுறையாகத் தட்டி இரண்டாம் முறை காய்ச்சினேன். விளிம்பு பலமாக அடி வாங்கியிருந்ததால் ஓரளவு தப்பித்தது.

மூன்றாவது மூடிக்கு இரண்டு விதிகளை வைத்துக்கொண்டேன். ஓசை 'டங்' என்று மாறும்வரை ஒவ்வொரு சுற்றிலும் நடுவிலிருந்து விளிம்புவரை எல்லா இடத்தையும் சீராகத் தட்டுவது; அதற்கு முன் காய்ச்சக் கூடாது. காய்ச்சும்போது உலையில் 500 டிகிரி, அரை மணி நேரம், அவ்வளவுதான். இடையில் ஒருமுறை உலை கிடைக்காமல் டார்ச்சில் காய்ச்ச வேண்டி வந்தது. மாலை இருட்டிய பிறகு கொட்டகையில் வைத்து, மங்கிய சிவப்பு தெரிந்த இடத்திலிருந்து சுடரை உடனே நகர்த்திக்கொண்டே போனேன். நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 33 சதவீதம் இறுக்கிய பித்தளை 580 டிகிரியில் எட்டே விநாடிகளில் முழுதாக மறுபடிகமாகிவிடும் என்பது பாடநூல்களில் படத்தோடு காட்டும் செய்தி. அதற்கு மேல் காட்டும் ஒவ்வொரு நிமிடமும் மணியை வளர்ப்பதற்கே போகும். சூட்டை மட்டும் சட்டென்று ஏற்றக் கூடாது. இறுகிய தகட்டுக்குள் இழுவிசை இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சூடேறினால் காய்ச்சும்போதே விரிசல் விடும். ஆற்றுவதில் ஒரு கட்டுப்பாடும் இல்லை. எஃகைப்போல் தண்ணீரில் போட்டால் இறுகிவிடுமோ என்ற பயம் இந்தப் பித்தளைக்குத் தேவையில்லை. நான் தண்ணீரில்தான் போட்டேன், கருப்பும் பாதி உதிர்ந்தது.

கடைசிச் சுற்றுக்குப் பிறகு காய்ச்சவில்லை. மூடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் கீழே விழுந்தாலும் சொட்டை விழாது. ஆனால் இறுகிய பித்தளையை அப்படியே விட எனக்கு மனம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரை லாயங்களின் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து, உள்ளே இழுவிசை தங்கிய உறைகளைப் பிளந்தது என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். பருவ விரிசல் என்று அதற்குப் பெயர் வந்ததே அந்த மழைக்காலத்தால்தான். குடம் இருக்கும் எங்கள் பின்கட்டுக்கு அடுத்தது மாட்டுக் கொட்டகை.

மீட்சிக் கட்டம் கைகொடுத்தது இங்கேதான். வீட்டு மின்அடுப்பில் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் மூடியை வைத்தேன். கடினம் குறையவில்லை, உள்ளிழுவிசை மட்டும் தளர்ந்தது. உண்மையிலேயே தளர்ந்ததா என்று பார்க்க, கிழிந்த முதல் மூடியை இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியை மூடியோடு சேர்த்து அடுப்பில் வைத்து எடுத்தேன், மற்றதை அப்படியே விட்டேன். இரண்டையும் அடியில் கொஞ்சம் அம்மோனியாக் கரைசல் ஊற்றிய கண்ணாடி ஜாடியில், கரைசல் தொடாமல், ஆவி மட்டும் படும்படி கட்டித் தொங்கவிட்டு மொட்டை மாடியில் வைத்தேன். மறுநாள் காலை அப்படியே விட்ட பாதியில் விளிம்பிலிருந்து உள்நோக்கி மூன்று புதிய விரிசல்கள் ஓடியிருந்தன. அடுப்பில் வைத்த பாதி நீலம் பாரித்திருந்தது. பழைய கிழிசல் தவிரப் புதிதாக ஒன்றும் இல்லை.

இரண்டாவது மூடியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. குறைந்த சூட்டில் மறுபடி காய்ச்சினால் மணி சிறுக்குமா என்று நண்பரிடம் கேட்டதற்கு, சூட்டால் வளர்ந்தது சூட்டால் சுருங்காது என்றார். நசுக்கித்தான் ஆக வேண்டும். கவிகையை வடிவம் கெடாமல் பாதிக் கனத்துக்கு நசுக்க முடியாது. எனவே அதைப் பட்டைகளாக வெட்டி, தட்டையாக்கி, செம்பு நிறம் ஏறிய மேல்தோலை எமரியால் எடுத்துவிட்டு, கை உருளையில் 0.6-க்கு இறக்கினேன். பிறகு 450 டிகிரியில் அரை மணி நேரம். நுண்ணோக்கியில் பார்த்தபோது சாத்துக்குடித் தோலின் சுவடே இல்லை, 0.015-ஐ ஒட்டிய பொடி மணிகள். அந்தப் பட்டைகளில் ஒன்றை வளைத்து, இரண்டு ஆணி அடித்து, மூன்றாவது மூடிக்குக் கைப்பிடியாக வைத்திருக்கிறேன்.